நிக்கோடின் சூயிங்கமும் விக்கலும்

"அப்பா ரப்பர் பால் வெட்டுபவர். நாகர்கோவிலில் வார்டில் இருக்கிறார். பீடிக்குப் பதில் தந்த நிக்கோடின் சூயிங்கத்தால் விக்கலும் தொண்டை எரிச்சலும்தான் மிச்சம் என்கிறார்."

விடாமல் மென்று எச்சிலை விழுங்குகிறார் போலிருக்கிறது, தம்பி. அப்படிச் செய்தால் மருந்து வயிற்றுக்குப் போய்விடும். காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். காரம் அடங்கியதும் மீண்டும் மெல்லலாம். ஒரு சூயிங்கம் அரை மணி நேரம் வரும். கட்டன் சாயா குடித்த 15 நிமிடத்துக்குள் போட்டால் சரியாக ஏறாது.

விழித்த அரை மணிக்குள் பீடி பற்றவைப்பவர் என்றால் 2 மில்லிகிராம் போதாது. 4 மில்லிகிராம் தரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டிலும் எழுதி வாங்குங்கள். விடியுமுன் தோட்டத்துக்குக் கிளம்பும் நேரம்தான் அவருக்குக் கடினம். எழுந்ததும் முதலில் சூயிங்கம், அது முடிந்தபின் சாயா. மூன்று மாதத்தில் படிப்படியாகக் குறைக்கலாம்.