கார்பன் ஷூவும் கெண்டைக்கால் இறுக்கமும்

"மண்டபத்தில் ஓடுகிறேன், 10 கி.மீ. 58 நிமிடம். கார்பன் பிளேட் ஷூ வாங்கிய அன்றே தனுஷ்கோடி சாலையில் 15 கி.மீ. ஓடினேன். மூன்று நாளாகக் கெண்டைக்கால் இறுகியிருக்கிறது. ஆறு வாரத்தில் அரை மாரத்தான்."

முதலில் ஷூவை ஓரமாக வையுங்கள். படியில் ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்கிப் பாருங்கள். இரண்டு காலிலும் வலியில்லாமல் ஒரே எண்ணிக்கை வந்த பிறகு தொடலாம்.

இந்த வகை ஷூவுக்கு 2017-இல் பேசப்பட்ட 4 சதவீத ஆற்றல் மிச்சம், மணிக்கு 14 முதல் 18 கி.மீ. வேகத்தில் ஓடியவர்களின் சராசரி. உங்கள் வேகம் 10 சொச்சம். பலன் ஒரு சதவீதம் அளவில்தான், சிலருக்கு அதுவும் இல்லை. துள்ளல் பெரும்பாலும் ஷூவின் அடிப்பகுதி நுரையிலிருந்து வருகிறது. கார்பன் தகடு விரல் மூட்டை அதிகம் மடங்கவிடாது, அதனால் கணுக்காலும் கெண்டைக்காலும் பழகாத விதத்தில் உழைக்கின்றன.

முதல் வாரம் ஒரே ஒரு ஓட்டத்தில் கடைசி 2 கி.மீ. மட்டும் இந்த ஷூவில், தார்ச்சாலையில். அடுத்த வாரம் 4, பிறகு 6. போட்டிக்குப் பத்து நாள் முன்பு, போட்டி வேகத்தில் 10. அந்த ஓட்டத்துக்கு முந்தைய நாளும் மறுநாளும் கடற்கரை மணலில் ஓடாதீர்கள், மணலும் அதே தசையைத்தான் வாட்டும். காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் தசைநாண் விறைத்தால் அந்த வாரத்தின் அளவிலேயே நில்லுங்கள். பாதத்தின் மேல்பக்கம் ஒரே புள்ளியில் வலித்தால் ஓட்டத்தை நிறுத்தி, எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.