60 மார்க் வாங்கிய தாள் எத்தனை நாள் கைகொடுக்கும்? சிஏ இன்டர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் எக்ஸம்ஷனைப் பற்றியவை, அதாவது குரூப் தவறினாலும் 60 வாங்கிய தாளை மறுபடி எழுதாமல் இருக்கக் கிடைக்கும் விலக்கைப் பற்றியவை. சிஏ இன்டரில் முதல் தடவை தவறியவர்கள் அதிகம் இழப்பது இந்த விதியைச் சரியாகப் படிக்காததால்தான். அதனால் அதற்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

ஜனவரி 2025-இல் குரூப் 1 மட்டும் எழுதினேன். அட்வான்ஸ்டு அக்கவுண்டிங் 62, லா 38, டாக்ஸேஷன் 44. அக்கவுண்ட்ஸுக்கு எக்ஸம்ஷன் வந்திருக்கிறது. மூன்று தடவை செல்லும் என்கிறார்கள். மே தேர்வை விட்டுவிட்டு நிதானமாகப் படித்து செப்டம்பரில் எழுதலாமா? (மஞ்சக்குப்பம், கடலூர்)

"மூன்று தடவை" என்பதை நீங்கள் எழுதும் மூன்று தடவை என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். விதி சொல்வது அடுத்து நடக்கும் மூன்று தேர்வுகள். நீங்கள் உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் தேர்வு நடந்தால் ஒன்று கழிந்தது. உங்களுக்கு அவை மே 2025, செப்டம்பர் 2025, ஜனவரி 2026. ஆண்டுக்கு இரண்டு தேர்வு இருந்த காலத்தில் இதே மூன்று தேர்வுகள் ஒன்றரை வருடம் ஓடின. 2024 முதல் இன்டர் ஆண்டுக்கு மூன்று முறை நடப்பதால் இப்போது ஒரே வருடத்தில் தீர்ந்துவிடும். சீனியர்கள் சொல்லும் பழைய கணக்கு இங்கேதான் உதைக்கிறது.

இனி மார்க்கைப் பார்ப்போம். குரூப் தேற ஒவ்வொரு தாளிலும் 40, மூன்று தாளும் சேர்ந்து 300-க்கு 150 வேண்டும். உங்கள் மொத்தம் 144. லாவில் 2 மார்க், மொத்தத்தில் 6 மார்க் குறைந்ததால் தவறினீர்கள். எக்ஸம்ஷன் உயிரோடு இருக்கும்வரை அந்த 62 மொத்தத்தில் சேரும். ஆகவே லாவும் டாக்ஸும் சேர்ந்து 88 வந்தால் போதும், இரண்டிலும் 40 தாண்டியிருந்தால். சென்ற முறை 82 வாங்கியிருக்கிறீர்கள். உங்களுக்கும் தேர்ச்சிக்கும் இடையே இருப்பது இந்த 6 மார்க்தான்.

மூன்று தேர்வும் போன பிறகு, விரும்பினால் அந்த எக்ஸம்ஷனை நிரந்தரமாக்கிக் கொள்ளலாம். ஆனால் அப்போது மீதித் தாள்கள் ஒவ்வொன்றிலும் 50 எடுக்க வேண்டும். 40-உம் 48-உம் எடுத்துத் தேறுகிற வழி அடைந்துவிடும். லாவில் 38-இலிருந்து 50-க்கு ஏறுவது வேறு உழைப்பு.

அதனால் மே தேர்வை விட வேண்டாம். ரிசல்ட் வந்தது மார்ச் 4, குரூப் 1 தொடங்கியது மே 3. இடையில் 60 நாள். இரண்டு தாளுக்கு அது தாராளம். இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் கடைசி வாய்ப்பு ஜனவரியில் வருகிறது. நம் கடற்கரைக்கு நவம்பரும் டிசம்பரும் எப்படிப்பட்ட மாதங்கள் என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தானே புயல் கரை கடந்தது 2011 டிசம்பர் 30-இல், ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30-இல். கரெண்ட் இல்லாமல், வீட்டுக்குள் தண்ணீர் வந்து ஒரு வாரம் போனால், ஜனவரிக்குப் படிப்பவருக்கு அது ரிவிஷன் நேரத்தில் விழும் அடி. எக்ஸம்ஷனின் கடைசித் தேர்வை அந்த மாதங்களை நம்பி வைத்துக்கொள்ளாதீர்கள்.

அக்கவுண்ட்ஸில் 66. லா 47. மூன்றாவது நாள் உடம்பு சரியில்லாமல் டாக்ஸேஷனுக்குப் போகவில்லை. அக்கவுண்ட்ஸுக்கு எக்ஸம்ஷன் உண்டா? (வில்லியனூர்)

இல்லை. அந்த குரூப்பின் எல்லாத் தாள்களையும் எழுதியிருந்தால்தான் 60-க்கு எக்ஸம்ஷன் கிடைக்கும். ஒரு தாளுக்கு வராமல் போனால் மற்றதில் வாங்கிய 66 அப்படியே போய்விடும். எவ்வளவு மோசமாகப் படித்திருந்தாலும் மூன்றாவது தாளுக்குப் போய் உட்கார்ந்து, தெரிந்ததை எழுதி, எம்சிகியூ முழுவதையும் நிரப்பிவிட்டு வர வேண்டும். இன்டரில் எம்சிகியூவுக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது. டாக்ஸில் 15 வாங்கியிருந்தால்கூட அக்கவுண்ட்ஸ் எக்ஸம்ஷன் உங்கள் கையில் இருந்திருக்கும். இனி மூன்று தாளும் புதிதாக எழுத வேண்டியதுதான்.

அக்கவுண்ட்ஸ் எக்ஸம்ஷன் 61 கையில் இருக்க இரண்டாவது தடவை எழுதினேன். லா 64, டாக்ஸ் 36. லாவுக்கும் எக்ஸம்ஷன் வரும் என்று நினைத்தேன், மார்க் ஷீட்டில் இல்லை. தவறா? (கடலூர் ஓ.டி.)

தவறில்லை. ஒரு குரூப்பில் எக்ஸம்ஷன் நடப்பில் இருக்கும்போது, அது தீரும்வரை அதே குரூப்பில் இன்னொரு எக்ஸம்ஷன் தர மாட்டார்கள். உங்கள் 64 அந்தத் தேர்வோடு முடிந்தது. பலருக்கு இது ரிசல்ட் அன்றுதான் தெரிகிறது. மொத்தம் 161 வந்தும் டாக்ஸ் 40-ஐத் தொடாததால் குரூப் போயிற்று.

எக்ஸம்ஷனோடு எழுதும்போது ஒரு தாளை மட்டும் தூக்கிப் படிப்பதில் லாபம் இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. அடுத்த தேர்வில் உங்களுக்கு லாவும் டாக்ஸும் சேர்ந்து 89 வேண்டும். 64 எடுத்த லாவுக்கு ரிவிஷனும் இரண்டு மாக் டெஸ்ட்டும் போதும். அது 50-க்கு இறங்கினால்கூட டாக்ஸில் 40 வந்தால் தேறிவிடுவீர்கள். நாட்களில் முக்கால் பங்கை டாக்ஸுக்குக் கொடுங்கள். அந்தத் தாளில் இன்கம் டாக்ஸ் 50, ஜிஎஸ்டி 50. 36 எந்தப் பாதியில் சரிந்தது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஜிஎஸ்டியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளியவர்களுக்குப் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் காலியாக இருக்கும். வரிச் சட்டம் ஆண்டுதோறும் மாறுவதால், எந்தத் திருத்தம்வரை உங்கள் தேர்வுக்குப் பொருந்தும் என்று இன்ஸ்டிடியூட் வெளியிடும் ஆர்டிபியில் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திறங்கள். ஜனவரிக்குப் படித்த நோட்ஸை மே தேர்வுக்கு அப்படியே கொண்டுபோவது ஆபத்து.

அதிலும் தவறி மூன்று தேர்வும் தீர்ந்துவிட்டால், நிரந்தர எக்ஸம்ஷனை உங்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டோம். அந்த வழியில் டாக்ஸ் 36-இலிருந்து 50-க்குப் போக வேண்டும். மூன்று தாளையும் புதிதாக எழுதினால், அக்கவுண்ட்ஸும் லாவும் இப்போது இருக்கும் அளவிலேயே 125 தரும், டாக்ஸில் 40 போதும். அக்கவுண்ட்ஸை மறுபடி படிக்கும் சுமை இருக்கிறது, ஆனால் உங்களுக்கு அது வருகிற தாள். மீதி இரண்டு தாளிலும் 45, 47 என்று சமமாக நிற்பவர்களுக்குத்தான் நிரந்தர வழி பொருந்தும்.

மகள் இரண்டு குரூப்பும் எழுதித் தவறிவிட்டாள். அடுத்த முறை ஒரே குரூப் எழுதினால் போதும் என்கிறாள். மறுபடி இரண்டையும் எழுதச் சொல்லலாமா? (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

மார்க் ஷீட் இல்லாமல் முடிவாகச் சொல்ல முடியாது. எதைப் பார்த்து முடிவெடுப்பது என்று சொல்கிறோம்.

இரண்டு குரூப்பையும் ஒரே தேர்வில் எழுதுபவருக்கு ஒரு சலுகை உண்டு, மாணவர்கள் செட்-ஆஃப் என்பார்கள். ஆறு தாளிலும் 40 தாண்டி, மொத்தம் 600-க்கு 300 வந்தால் இரண்டு குரூப்பும் தேர்ச்சி. குரூப் 1-இல் 158, குரூப் 2-இல் 145 என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக எழுதியிருந்தால் இரண்டாவது போயிருக்கும். சேர்த்து எழுதினால் 303, இரண்டும் தேறிவிடும். உங்கள் மகளின் மொத்தம் 270, 280 என்று இருந்து, எந்தத் தாளும் 35-க்குக் கீழே போகவில்லை என்றால் மறுபடி இரண்டையும் எழுதுவதே சரி. இன்டரின் இரண்டு குரூப்பும் முடிந்த பிறகே ஆர்டிகிள்ஷிப் தொடங்க முடியும் என்பதால், பாதி முடித்து நிற்பதில் கால லாபம் அதிகம் இல்லை.

இரண்டு, மூன்று தாள்கள் 20-களில் இருந்தால் அவள் சொல்வதுதான் சரி. 60 நாளில் ஆறு தாள் என்றால் ஒரு தாளுக்குப் பத்து நாள், அதற்குள்ளேயே ரிவிஷனும். ஒருமுறை முழுதாகப் படித்த தாளுக்கு அது போதும், பாதியில் விட்ட தாளுக்குப் போதாது. மூன்று தாள் என்றால் தலா இருபது நாள் கிடைக்கிறது. அப்படி ஒரே குரூப் எழுதும்போது, 40-க்கு அருகில் நிற்கும் தாள்கள் அதிகமுள்ள குரூப்பை முதலில் எடுக்கட்டும். பாடத்தை விடாமல் படித்துத் தவறினாளா, முடிக்காமலே போனாளா என்று கோபப்படாமல் கேளுங்கள். அதற்கு அவள் சொல்லும் பதிலில்தான் இந்த முடிவு இருக்கிறது.

லாவில் 38. வெரிஃபிகேஷனுக்குப் போட்டால் 40 ஆகுமா? அதன் முடிவு தெரிந்தபின் ஃபார்ம் போடலாமா? (முத்தியால்பேட்டை)

வெரிஃபிகேஷனில் விடைத்தாளை மறுபடி திருத்த மாட்டார்கள். கூட்டல் சரியா, திருத்தாமல் விட்ட விடை உண்டா என்று மட்டுமே பார்ப்பார்கள். அதனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். விடைத்தாள் நகலை வாங்குங்கள், அதுதான் உதவும். இன்ஸ்டிடியூட் வெளியிடும் மாதிரி விடையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பிரிவைச் சொல்லாமல் முடிவை மட்டும் எழுதியதும், கடைசிக் கேள்வியை நேரமில்லாமல் விட்டதும் கண்ணில் படும். இரண்டுக்கும் ரிசல்ட் வந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

ஃபார்முக்குக் காத்திருக்கவே கூடாது. 2025-இல் இன்டர் ரிசல்ட் மார்ச் 4, ஜூலை 6, நவம்பர் 3 தேதிகளில் வந்தது. அடுத்த தேர்வுக்கான ஃபார்ம் அதே நாட்களையொட்டித் திறந்து, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மூடியது. ரிசல்ட் பார்த்த கையோடு eservices.icai.org-இல் போட்டுவிடுங்கள்.

இன்டருக்கு இத்தனை அட்டெம்ட்தான் என்று வரம்பு உண்டா? ஆகஸ்ட் 2024-இல் ரிஜிஸ்டர் செய்தேன். (பண்ருட்டி)

அட்டெம்ட்டுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை, ரிஜிஸ்ட்ரேஷனுக்குத்தான் காலம் உண்டு: ஐந்து வருடம். அதன்பின் ஒரே ஒருமுறை புதுப்பிக்கலாம். எட்டு மாதப் படிப்புக் காலம் கழித்தால் உங்கள் முதல் தேர்வு மே 2025. ஆகஸ்ட் 2029-க்குள் கடைசியாக வருவது மே 2029. ஆண்டுக்கு மூன்று என்று எண்ணினால் 13 தேர்வுகள். உங்களுக்கு முதலில் தீரப்போவது ரிஜிஸ்ட்ரேஷன் அல்ல. எக்ஸம்ஷன் ஏதேனும் கையில் இருந்தால் அதன் மூன்று தேர்வுகளை இன்றே காலண்டரில் குறித்துவையுங்கள்.