அந்துருண்டை இல்லாமல் கம்பளியை எப்படிக் காப்பது?

கேள்வி: டெல்லியில் இருக்கிறோம். பெட்டியிலிருந்து எடுத்த ஸ்வெட்டர், சால்வை எல்லாம் அந்துருண்டை நாற்றம். போட்டுக்கொண்டால் தலை வலிக்கிறது. உடம்புக்குக் கெடுதலா? அது இல்லாமல் பூச்சி அரிக்காமல் வைக்க வழி உண்டா?

கெடுதல்தான். எவ்வளவு என்பது வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. எனக்கு இது உறைத்தது பேரன் பிறந்த பிறகுதான்.

மயூர் விஹாரில் முப்பது வருஷமாக இருக்கிறோம். ஹோலி முடிந்ததும் கம்பளி எல்லாம் பாக்ஸ் கட்டிலுக்குள் போகும், தீபாவளியை ஒட்டி வெளியே வரும். கீழ் வீட்டு பஞ்சாபி அம்மா 'ஃபினாயில் கி கோலி' என்பார், நான் அந்துருண்டை என்பேன். கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போடுவதில் இருவரும் ஒன்றுதான்.

பேரன் நவம்பர் கடைசியில் பிறந்தான். மகளுக்கு நான் பின்னிய குட்டி ஸ்வெட்டர், தொப்பி, போர்வை எல்லாம் அந்தக் கட்டிலுக்குள் பத்திரமாக இருந்தன. எடுத்து, பால்கனியில் ஒரு மணி நேரம் உதறிப் போட்டு, குழந்தைக்கு மாட்டிவிட்டேன். தினமும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி அதே ஸ்வெட்டர். பத்தாம் நாள் கண் நன்றாக மஞ்சளாகிவிட்டது. பிறந்த குழந்தைக்கு வருகிற மஞ்சள்தானே, வெயில் காட்டினால் போதும் என்று நினைத்தேன். ஆனால் பால் குடிக்கவில்லை, உதடு வெளுத்திருந்தது, துணியில் சிறுநீர் டிகாஷன் நிறத்தில் பட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் முதலில் கேட்டது, "குழந்தையின் துணிமணியை அந்துருண்டை போட்டு வைத்திருந்தீர்களா?"

அவனுக்கு ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாம். இது வரை யாருக்கும் தெரியாது. அந்துருண்டையில் பெரும்பாலும் இருப்பது நாப்தலீன். அது உடம்புக்குள் போய் மாறும்போது சிவப்பணுக்களைத் தாக்குகிறது. அந்தத் தாக்குதலைத் தாங்க இந்த நொதி வேண்டும். இல்லாவிட்டால் அணுக்கள் உடைந்து ரத்தம் குறைகிறது, மஞ்சள் ஏறுகிறது. பச்சைக் குழந்தையின் கல்லீரலால் அத்தனை மஞ்சளையும் வெளியேற்ற முடியாது. அளவு மீறினால் அது மூளையைப் பாதிக்கும். என்னைக் குத்தியது இன்னொரு விஷயம்: நாப்தலீன் எண்ணெயில் கரையும். எண்ணெய் தேய்த்த தோல் வழியாக அது இன்னும் சுலபமாக உள்ளே போகும். மூச்சில் போனது தனிக் கணக்கு. நீல விளக்கின் கீழ் ஐந்து நாள் வைத்து அனுப்பினார்கள். இப்போது நான்கு வயது, நன்றாக இருக்கிறான்.

பெரியவர்களுக்குப் பொதுவாக உங்களுக்கு வருவது போல் தலைவலி, குமட்டல், கண்ணெரிச்சல்தான். காற்றோட்டத்தில் போனால் சரியாகும். ஆனால் நாப்தலீனும், சில உருண்டைகளில் அதற்குப் பதிலாக வரும் பாராடைகுளோரோபென்சீனும், புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கும் பட்டியலில் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாப்தலீன் உருண்டை விற்பனையே 2008இல் நின்றது. சின்னப் பிள்ளை மிட்டாய் என்று ஒன்றை வாயில் போட்டுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பாலும் கொடுக்காதீர்கள். கொழுப்பு அதை இன்னும் வேகமாக உறிஞ்ச வைக்கும். நேரே ஆஸ்பத்திரி. சிறுநீர் கறுப்பது ஓரிரு நாள் கழித்துக்கூட வரலாம் என்பதால் பிள்ளை நன்றாக ஓடியாடுகிறதே என்று விட்டுவிடக் கூடாது.

இத்தனைக்கும் அந்த உருண்டை நம் வீட்டில் வேலையும் செய்வதில்லை. அது உருகாமலே ஆவியாகிறது, அதனால்தான் நாளாக நாளாகச் சிறுத்துப்போகிறது. காற்றுப் புகாத பெட்டியில் அந்த ஆவி வாரக்கணக்கில் அடர்ந்து நின்றால்தான் புழு சாகும். பீரோ கதவு இடுக்கிலும் கட்டில் பலகை இடுக்கிலும் அது கசிந்துவிடும். உங்கள் மூக்குக்கு வருகிறது என்றால் பெட்டியில் தங்கவில்லை என்று அர்த்தம்.

சரி, மாற்று வழி. முதலில் குவியலைக் குறையுங்கள். கம்பளியை அரிப்பது பறக்கிற பூச்சி இல்லை, அதன் புழு. அது தின்பது ஆட்டு ரோமம், பட்டு மாதிரி விலங்கிலிருந்து வந்த இழைகளை. பஞ்சு ரஜாய்க்கும் அக்ரிலிக் ஸ்வெட்டருக்கும் அதனால் ஆபத்து இல்லை. கம்பளி என்று வாங்கினது கம்பளியா என்று பார்க்க, உள்தையலிலிருந்து ஒரு நூலை உருவி, சிங்க் மேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். தலைமுடி கருகும் வாசனை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகி கெட்டி மணியாக நின்றால் அக்ரிலிக். எங்கள் வீட்டு பதினாறு ஸ்வெட்டரில் பதினொன்று அக்ரிலிக். எத்தனை வருஷ உருண்டைக் காசு!

மிச்சத்தை வைக்கும் முன் கட்டாயம் துவையுங்கள். ஒரு தடவைதானே போட்டோம் என்று மடித்து வைப்பதில்தான் தப்பு நடக்கிறது. வியர்வைக் கழுத்துப் பட்டி, அக்குள், சாம்பார் சிந்திய இடம், இங்கேதான் புழு முதலில் வாய் வைக்கும். கம்பளிக்கான லிக்விட் போட்டு, குளிர்ந்த தண்ணீரில் அலசி, நிழலில் பரப்பி முற்றிலும் காய வைத்து, தையல் ஓரங்களை பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். முட்டை அங்கே ஒட்டியிருக்கும்.

சந்தேகமான சால்வைகளை, அதாவது ஒழுங்கில்லாத சின்ன ஓட்டையோ, மணல் மாதிரி எச்சமோ, பட்டுநூல் போன்ற சிறு கூடோ தெரிந்தவற்றை, ஜிப் பையில் காற்றை அழுத்தி எடுத்து மூடி ஃப்ரீசரில் வையுங்கள். மைனஸ் 18 டிகிரி வேண்டும். ஐஸ்கிரீம் கல்லாக நிற்கிற ஃப்ரீசர் என்றால் சரி. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டியை நம்பாதீர்கள். நான் இரண்டு வாரம் வைக்கிறேன். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் அப்படியே விடுங்கள், இல்லாவிட்டால் துணி மேல் நீர் கோத்துக்கொள்ளும்.

அப்புறம் எல்லாவற்றையும் ஜிப் பையிலோ இறுக்கமான மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டியிலோ போட்டுவிட்டால் போதும், புதிதாகப் பூச்சி நுழையாது. வேப்பிலை, வசம்பு வைக்கலாம், ஆசைக்கு. ஏற்கெனவே உள்ளே இருக்கும் முட்டையை அவை ஒன்றும் செய்யாது. மழைக்காலம் முடிந்து செப்டம்பரில் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

இப்போது நாறுகிற துணிகளுக்கு வெயிலும் காற்றும்தான் மருந்து. ஸ்வெட்டர்களை மூன்று நான்கு நாள் வெளியில் விரித்துப் போட்டு, பிறகு துவைத்து, மறுபடி காற்றாட விடுங்கள். நாற்றம் முழுக்கப் போகும் வரை குழந்தைக்குப் போடாதீர்கள். மிஞ்சின உருண்டைகளை டாய்லெட்டில் போடாமல், கவரில் கட்டி, அபாயக் கழிவு என்று தனியாகக் கொடுங்கள். கட்டில் பலகையில் ஊறின வாசனைக்கு மட்டும் அவசரப்பட முடியாது. எங்கள் பாக்ஸ் கட்டிலைக் காலி செய்து மூடியைத் திறந்தே வைத்தோம், இரண்டு கோடை ஆனது.