கதையின் சொற்கள் இரண்டாம் வகுப்புக்குப் பொருந்துமா என்று எப்படிப் பார்ப்பது?

கேள்வி: "இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கதை எழுதியிருக்கிறேன். பாடநூல்களிலிருந்து வகுப்புவாரியாக ஒரு சொற்பட்டியலும் தயாரித்து வைத்திருக்கிறேன். இரண்டையும் எப்படி ஒப்பிட்டுச் சரிபார்ப்பது?"

பட்டியலில் ஒரு சொல் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்காதீர்கள். தமிழில் அது பாதி வேலைதான். ஒவ்வொரு சொல்லிடமும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இந்த வயதுப் பிள்ளைக்கு இதன் பொருள் தெரியுமா? தாளில் இது நிற்கும் வடிவத்தை அந்தப் பிள்ளையால் எழுத்துக்கூட்டிப் படிக்க முடியுமா? இரண்டுக்கும் பதில் பல நேரம் வேறு வேறாக இருக்கும்.

எஃகு என்ற சொல்லைப் பாருங்கள். ஆய்த எழுத்தைச் சொல்லிக்கொடுக்க வேறு எளிய சொல் கிடைக்காததால் தொடக்க நூல்களில் அது வந்துவிடுகிறது. பட்டியலில் முதல் வகுப்புச் சொல்லாகவும் பதிந்துவிடும். பிள்ளை அதைப் படித்துவிடும், ஆனால் எஃகு என்றால் என்ன என்று கேட்டால் விழிக்கும். ஜன்னல் இதற்கு நேர்மாறு. பேசத் தொடங்கியதிலிருந்தே தெரிந்த சொல்தான். ஆனால் ஜ எழுத்தைப் பெரும்பாலும் தாமதமாகத்தான் கற்றுக்கொடுப்பார்கள் என்பதால் பட்டியலில் அது மேல் வகுப்பில் போய் உட்கார்ந்திருக்கும். எழுத்துக்காக நூலில் வந்த சொல் எது, பொருளுக்காக வந்த சொல் எது என்று பட்டியலே உங்களுக்குச் சொல்லாது. நீங்கள்தான் பிரித்துக் குறிக்க வேண்டும்.

இவற்றைவிட அதிகமாகக் கதையைக் கடினமாக்குவது மூன்றாவது வகை. இந்த வரியை எடுத்துக்கொள்வோம்:

"அணில் மரத்திலிருந்து கீழே குதித்தோடியது."

அணில், மரம், கீழே, குதி, ஓடு எல்லாமே முதல் வகுப்புச் சொற்கள். வேர்ச்சொல்லை வைத்து ஒப்பிட்டால் இந்த வரி முழு மதிப்பெண் வாங்கிவிடும். ஆனால் இரண்டாம் வகுப்பின் தொடக்கத்தில் இருக்கும் பிள்ளை இங்கே இரண்டு இடத்தில் நின்றுவிடும். "மரத்திலிருந்து" எட்டு எழுத்து. அதிலும் மரம் என்பது மரத்து என்று மாறி, அதன் மேல் உருபு ஏறியிருக்கிறது. "குதித்தோடியது" ஏழு எழுத்து. குதித்து, ஓடியது என்ற இரண்டு சொல் சேர்ந்ததில் ஓ என்ற எழுத்தே கண்ணுக்குத் தெரியாமல் தோ-வுக்குள் மறைந்துவிட்டது. தெரிந்த சொல்லைப் பிள்ளை அடையாளம் காண முடியாமல் போவது இப்படித்தான்.

"அணில் மரத்தில் இருந்தது. கீழே குதித்து ஓடியது" என்று எழுதிப் பாருங்கள். கதையில் எதுவும் குறையவில்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லும் ஐந்து எழுத்துக்குள் அடங்கிவிட்டது. இந்த நிலைக்கு என் அளவுகோல் எளிது: ஒரு சொல்லுக்கு ஒரு விகுதி அல்லது ஒரு உருபு போதும், சந்தியில் முதலெழுத்து மறையும் இடங்களைப் பிரித்து எழுத வேண்டும். அதற்காக எல்லா வாக்கியத்தையும் மூன்று சொல்லாக நறுக்கிவிடாதீர்கள். குதித்தது, ஓடியது, நின்றது என்று தந்தி மாதிரி போனால் படிக்கும் பிள்ளைக்குக் கதையின் ஓட்டமே கிடைக்காது. "குதித்து ஓடியது" என்ற சேர்க்கை அவர்கள் பேச்சிலேயே இருப்பதுதான்.

சரி, ஒப்பிடும் வேலைக்கு வருவோம். கதையில் உள்ள சொற்களை எண்ணிக்கையோடு எடுக்கச் சிறிய நிரல் போதும்:

```
import re, collections
text = open("kathai.txt", encoding="utf-8").read()
words = re.findall(r"[\u0B80-\u0BFF]+", text)
for w, n in collections.Counter(words).most_common():
    print(n, w)
```

மூன்றாவது வரியில் பலர் வழக்கம்போல `\w+` என்று போடுவார்கள். பைத்தானின் `re` தொகுதியில் அது புள்ளியிலும் கொம்பு, கால் போன்ற குறிகளிலும் சொல்லை வெட்டிவிடும், வருவது வெறும் துண்டுகளாக இருக்கும். அதேபோல "மர" என்று தொடங்கும் எல்லாவற்றையும் மரம் என்ற சொல்லோடு சேர்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். கணினிக்கு ரி என்பது ர-வும் அதன் பின்னால் ஒரு குறியும்தான். அதனால் மரியாதையும் மரத்தோடு சேர்ந்துவிடும். வா என்பது வந்தது என்றும் ஆறு என்பது ஆற்றில் என்றும் மாறுவதால் முன்பகுதியை ஒப்பிடும் வழி அங்கேயும் உதவாது. சிறுவர் கதையில் வெவ்வேறு சொற்கள் எப்படியும் சில நூறைத் தாண்டாது. விரிதாளில் போட்டு, வேர்ச்சொல்லை ஒரு பத்தியில் கையால் எழுதிவிடுங்கள். பக்கத்தில் "பொருள் தெரியும்", "படிக்க முடியும்" என்று இரண்டு பத்திகள். ஒரு மாலையில் முடிந்துவிடும், தானியங்கி ஒப்பீட்டைவிட நம்பகமாகவும் இருக்கும்.

இந்த இரண்டில் ஏதாவது ஒன்றில் "இல்லை" விழுந்த சொல்லைக் கடினச் சொல் என்று வையுங்கள். எத்தனை இருக்கலாம்? துணையில்லாமல் படிக்கும் புத்தகத்தில் நூறு சொல்லுக்குத் தொண்ணூற்றைந்தாவது தடையில்லாமல் போக வேண்டும் என்பது வாசிப்பு ஆசிரியர்கள் பரவலாகப் பின்பற்றும் அளவு. தொண்ணூறுக்குக் கீழே போனால் பெரியவர் உதவியோடு படிப்பதும் சிரமம். 300 சொல்லில் 12 பக்கக் கதை என்றால் பக்கத்துக்கு 25 சொல். ஐந்து சதவீதம் என்பது மொத்தம் 15. அதாவது பக்கத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. நான் சதவீதத்தைவிடப் பக்கத்தைத்தான் பார்ப்பேன். மொத்தக் கணக்கு சரியாக இருந்தும் நான்கு கடினச் சொற்கள் ஒரே பக்கத்தில் குவிந்திருந்தால், பிள்ளை அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிடும்.

பாத்திரத்தின் பெயரை மறக்காதீர்கள். எல்லாப் பக்கத்திலும் வரும் சொல் அதுதான். சௌந்தர்யாவை மாலாவாக மாற்றினாலே கணக்கு நிறையக் குறையும்.

அப்புறம், அந்த வகுப்புப் பிள்ளைகள் சிலரைத் தனித்தனியாக உரக்கப் படிக்கச் சொல்லி, கையில் கதையின் ஒரு படி வைத்துக்கொண்டு குறியுங்கள். எங்கே தடுக்கியது என்பதோடு எப்படித் தடுக்கியது என்றும் எழுத வேண்டும். முன்பாதியைச் சரியாகப் படித்து வால்பகுதியை ஊகித்தால் வடிவம்தான் பிரச்சினை, சொல்லைப் பிரித்தால் தீரும். தடுமாறாமல் படித்துவிட்டுப் பொருள் கேட்டால் சும்மா இருந்தால் சொல்லையே மாற்றுங்கள், அல்லது படம் அதை விளக்கும்படி செய்யுங்கள். "வந்தது" என்று இருப்பதை "வந்துச்சு" என்று படித்தால் பிழையாக எண்ண வேண்டாம். எழுத்தைப் பார்த்து, பொருளைப் பிடித்து, தன் பேச்சில் சொல்லியிருக்கிறது அந்தப் பிள்ளை. அதைப் பிழைக் கணக்கில் சேர்த்தால் நல்ல கதையும் கடினமானதாகத் தெரியும்.

கடைசியில் மிஞ்சும் கடினச் சொற்களை எல்லாம் நீக்கிவிடாதீர்கள். கதைக்கு உயிரான இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் வெவ்வேறு பக்கங்களில் நான்கைந்து முறை வரும்படி எழுதுங்கள். முதல் முறை படத்துக்குப் பக்கத்தில், உருபு எதுவும் ஏறாமல் வரட்டும். ஒரே ஒரு முறை வந்து போகும் கடினச் சொல்லைத்தான் முதலில் வெட்ட வேண்டும்.