வக்கீல் நோட்டீஸைத் தமிழாக்கும்போது நிலம் ரோட்டைத் தாண்டிவிடக் கூடாது

கேள்வி: மூன்று சகோதரர்களிடம் ஒரு மனை வாங்க ஆறு லட்சம் முன்பணம் கொடுத்து கிரய ஒப்பந்தம் போட்டேன். இப்போது எழுதித் தர மறுக்கிறார்கள். என் வக்கீல் ஆங்கிலத்தில் நோட்டீஸ் தயாரித்திருக்கிறார். அவர்களுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். கோர்ட் வாசலில் ஒருவர், "பக்கத்துக்கு இவ்வளவு, நோட்டரி சீலோடு தமிழில் தருகிறேன்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மொழிபெயர்ப்பைச் சரிபார்த்துச் சான்றளிக்க நோட்டரிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அந்த சீல்களில் பல, உள்ளே இருப்பதைப் படிக்காமலே விழுகின்றன. இந்தப் பக்கக்கணக்கு ஆசாமிகளுக்கு ஒரு தனி நடை வேறு இருக்கிறது. "15 நாட்களில் கிரயம் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம், இல்லையேல் நடவடிக்கை எடுக்க நேரிடலாம்" என்று மரியாதையாக எழுதிவிடுவார்கள். வக்கீல் கட்டிய முடிச்சு அவ்வளவும் இதில் அவிழ்ந்துவிடுகிறது. எந்த நாளிலிருந்து 15 நாள்? கேட்டுக்கொள்வதா, செய்தே ஆகவேண்டுமா? வழக்கு வருமா, வராதா?

அந்த வாக்கியம் இப்படி இருக்கட்டும்: "இந்த அறிவிப்பு தங்களுக்குக் கிடைத்த தேதியிலிருந்து 15 நாட்களுக்குள் தாங்கள் மூவரும் கிரயப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டு, பதிவும் செய்து கொடுக்க வேண்டும். தவறினால் ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கு தாக்கல் செய்யப்படும். அதன் செலவுக்கும் விளைவுகளுக்கும் தாங்களே பொறுப்பு." ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கு என்றால், ஒப்பந்தப்படி கிரயம் செய்து தர உத்தரவிடச் சொல்லிக் கேட்கும் வழக்கு. வாக்கியம் அழகாக இல்லைதான், இருக்கவும் வேண்டாம்.

மாற்றுப் பரிகாரமாக முன்பணத்தைத் திருப்பிக் கேட்டிருந்தால், "கூட்டாகவும் தனித்தனியாகவும்" என்ற இரண்டு சொல்லையும் விடாதீர்கள். "மூவரும் திருப்பித் தர வேண்டும்" என்று மட்டும் போட்டால், "என் பங்கு இரண்டு லட்சம்தானே" என்று ஒருவர் ஒதுங்கப் பார்ப்பார்.

அடுத்து, நீங்கள் "தயாராகவும் விருப்பத்துடனும் இருந்து வருகிறீர்கள்" என்ற வரி. தயார் என்பது கையில் பணம் அல்லது பணத்துக்கு வழி இருப்பது, விருப்பம் என்பது வாங்கும் மனம். இரண்டையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். "வாங்க விரும்பினார்" என்று தமிழில் வந்தால் பணம் காணாமல் போகிறது, "இன்றுவரை" என்பதும் காணாமல் போகிறது. எதிர்த்தரப்பு அதையே சான்றாவணமாகக் குறியீடு செய்து குறுக்கு விசாரணையில் உங்கள் முன் நீட்டும்.

இனி சொத்து விவரம். அதிகம் சொதப்புவது இங்கேதான். ஆங்கிலத்தில் "கிழக்கில்: பஞ்சாயத்து ரோடு" என்ற பொருளில் இருந்தால், ரோடு உங்கள் மனைக்குக் கிழக்கே இருக்கிறது என்று அர்த்தம். நம் பத்திரங்களில் வழக்கம் நேர்மாறானது. "பஞ்சாயத்து ரோட்டுக்கு மேற்கு" என்றுதான் எழுதுவோம், அதாவது ரோட்டுக்கு மேற்கே மனை. அவசர மொழிபெயர்ப்பாளர் "ரோட்டுக்குக் கிழக்கு" என்று போட்டுவிட்டால் மனை ரோட்டைத் தாண்டி அடுத்தவர் இடத்துக்குப் போய்விடும். நான்கெல்லையும் இப்படியே தலைகீழாகும். ஆகவே ஆங்கிலத்திலிருந்து இதை மொழிபெயர்க்கவே வேண்டாம். விற்பவர்களின் தமிழ் மூலப்பத்திரத்தில் உள்ள சொத்து விவரத்தை எழுத்துப் பிசகாமல் எடுத்து எழுதுங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, கவனமாகப் படியுங்கள். பத்திரம் பதிவான பிறகு நிலம் உட்பிரிவு ஆகியிருக்கலாம். பத்திரத்தில் சர்வே எண் 112/3 என்று இருக்கும், இன்றைய பட்டாவில் 112/3பி என்று இருக்கும். பத்திரத்தை மட்டும் பார்த்து எழுதினால் இன்று இல்லாத எண்ணுக்கு நோட்டீஸ் போகும். பட்டாவை மட்டும் பார்த்து எழுதினால் ஒப்பந்தத்தில் இல்லாத எண் வரும். "பழைய சர்வே எண் 112/3, தற்போதைய உட்பிரிவுப்படி 112/3பி" என்று இரண்டையும் போடுங்கள், ஆங்கிலப் பிரதியிலும் அதே மாதிரி திருத்தச் சொல்லுங்கள். உட்பிரிவு நடந்து வருஷக்கணக்காகியும் பட்டாவில் பழைய எண்ணே நிற்பதும் உண்டு, தாலுகா ஆபீஸ் வேகம் தெரிந்ததுதானே. வரைபட நகலையும் வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

உண்மையில் உங்கள் வக்கீலிடம் கேட்க வேண்டியது வேறு: இரு தரப்புக்கும் தமிழ்தான் தெரியும் என்றால், நோட்டீஸைத் தமிழிலேயே எழுதிக் கையெழுத்துப் போடலாமே? ஆங்கிலம்தான் வேண்டும் என்றால், தமிழ்ப் பிரதியிலும் அவரே கையெழுத்திட்டு, இரண்டையும் ஒரே உறையில் மூவருக்கும் தனித்தனியாக, போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும் வகையில் அனுப்பட்டும்.

"தமிழில் தப்பு இருந்தால் இன்னொரு நோட்டீஸ் விட்டுக்கலாம்" என்று அந்த ஆசாமி சொல்வார். எத்தனை நோட்டீஸ் விட்டாலும் வழக்கு போடுவதற்கான காலவரையறை ஓடுவது நிற்காது. கிரயத்துக்கு ஒப்பந்தத்தில் தேதி குறித்திருந்தால், அந்தத் தேதியிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்கு கோர்ட்டில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தை எடுத்து அந்தத் தேதியை இன்றே பாருங்கள்.