காப்பாக் கர்வ் மேலே திரும்பியதும் வாங்கலாமா?

கேள்வி: சந்தை விலையின் வேகத்தைக் காட்டும் காப்பாக் கர்வ் என்ற கோடு பூஜ்யத்துக்குக் கீழிருந்து மேலே திரும்பினால் சந்தையின் அடிமட்டம் வந்துவிட்டது என்று நம்பி வாங்கலாமா?

அடிமட்டம் போன பிறகுதான் அது சொல்லும், அதையும் சில நேரம் தப்பாகச் சொல்லும். எட்வின் காப்பாக் 1962இல் இதை வெளியிட்டது பங்குச் சந்தைக் குறியீடுகளின் மாத முடிவு விலைக்காக. சந்தை இழப்பிலிருந்து மீள்வதும் துக்கம் ஆறுவது போலத்தான் என்று எண்ணி, துக்கம் ஆற எவ்வளவு காலமாகும் என்று கிறிஸ்தவ ஆயர்களிடம் கேட்டு, 11 முதல் 14 மாதம் என்று பதில் வந்ததால் அந்த எண்களையே எடுத்துக்கொண்டார் என்பார்கள்.

```
WMA(ROC(14) + ROC(11), 10)
```

ROC என்பது அத்தனை மாதம் முன்பிருந்த விலையிலிருந்து இப்போதைய விலை எத்தனை சதவீதம் மாறியிருக்கிறது என்பது. இரண்டு ROCகளையும் கூட்டி எடுக்கும் WMA என்ற எடையிட்ட சராசரியில் கடைசி மாதத்துக்கு எடை 10, அதற்கு முந்தையதற்கு 9, இப்படியே 1 வரை. இந்த மாதக் கர்விலிருந்து முந்தைய மாதக் கர்வைக் கழித்துப் பார்த்தால் ஒரு எளிய உண்மை கிடைக்கும்: இந்த மாதக் கூட்டுத்தொகை முந்தைய 10 மாதக் கூட்டுத்தொகைகளின் சாதாரணச் சராசரியை விட அதிகமாக இருந்தால் கர்வ் ஏறும், இல்லையென்றால் ஏறாது. அவ்வளவுதான்.

அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீடான எஸ் அண்ட் பி 500ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2009 மே முடிவில் 919.14. 14 மாதம் முன்பு 1322.70, அதாவது −30.5%, 11 மாதம் முன்பு 1280.00, அதாவது −28.2%. கூட்டினால் −58.7. முந்தைய 10 மாதச் சராசரி சுமார் −66.5, அதனால் கர்வ் அந்த மாதம்தான் திரும்பியது. ஆனால் மார்ச் 9 அன்றே 676.53இல் அடிமட்டம் முடிந்துவிட்டது, சிக்னல் வந்தபோது விலை அதிலிருந்து 36% மேலே! நீண்ட ஏற்றத்தின் தொடக்கம் என்பதால் அப்போது வாங்கியவருக்கும் நல்ல லாபம்தான்.

இப்போது 2001 டிசம்பர். கூட்டுத்தொகை −35.6, சராசரி −36.7. மயிரிழையில் திரும்பியது. அன்று 1148இல் வாங்கியிருந்தால் அடுத்த அக்டோபரில் 776.76ஐப் பார்த்திருப்பீர்கள், 32% இறக்கம்.

என்னைக் கேட்டால் இங்கேதான் கவனம் வேண்டும். 2002 ஜனவரியில் 1130ஆக இருந்த குறியீடு பிப்ரவரியில் 1107க்கு இறங்கியது, ஆனாலும் கூட்டுத்தொகை −22.9இலிருந்து −20.8க்கு ஏறியது. எப்படி? 11 மாத ஒப்பீட்டில் 2001 பிப்ரவரியின் 1240 போய் மார்ச்சின் 1160 வந்து உட்கார்ந்தது. விலை இறங்கியும், ஒப்பிடும் அடித்தளம் அதைவிடச் சரிந்ததால் கர்வ் ஏறியது. 2009 மே மாதத்தில் அப்படியில்லை, 873இலிருந்து 919க்கு விலையே ஏறியிருந்தது.

அதனால் கர்வ் திரும்பியதும் நான் முதலில் பார்ப்பது 11, 14 மாதம் முன்பிருந்த அந்த இரண்டு பழைய விலைகளை. அப்புறம், மாதம் முடியும் முன் பார்க்காதீர்கள், பாதி மாதத்தில் மேலே திரும்பிய கோடு 30ஆம் தேதிக்குள் மறுபடி கீழே பார்க்கலாம்.