மூலத்தில் இல்லாத தம்பி

“ஆங்கிலச் செய்திகளை இயந்திரம் தமிழாக்கித் தருகிறது, அதைத் திருத்தி வாசிக்கத்தக்க தமிழாக்குவது என் வேலை. பெரிதாகக் கைவைக்காமல் கொடுத்தால் இது தமிழே இல்லை என்கிறார்கள். நன்றாக எழுதிக் கொடுத்தால் மூலத்தில் இல்லாததைச் சேர்த்துவிட்டேன் என்கிறார்கள். எங்கே நிறுத்துவது?”
— வாசகி, தெஹிவளை

அன்புள்ள சகோதரிக்கு,

மூலத்தில் இல்லாதவை பெரும்பாலும் கற்பனையிலிருந்து வருவதில்லை. செய்தித் தமிழை நாள்தோறும் வாசித்து நமக்குள் படிந்துபோன தொடர்களிலிருந்துதான் வருகின்றன. கரடுமுரடான ஒரு வாக்கியத்தைச் சரிசெய்யக் கை வைத்ததும் அந்தத் தொடர்கள் தாமாகவே வந்து அமர்ந்துகொள்கின்றன. சிறிய விபத்துச் செய்தி ஒன்றை உதாரணத்துக்காக அமைத்துப் பார்ப்போம்.

ஆங்கில மூலத்தில் மூன்றே வாக்கியங்கள். வெள்ளவத்தையில் செவ்வாய்க்கிழமை இரவு முச்சக்கரவண்டியும் லொறியும் மோதின. முச்சக்கரவண்டியின் சாரதி இறந்தார், அதில் இருந்த அவருடைய ‘பிரதர்’ காயமடைந்தார். இவ்வளவும் பொலிஸார் சொன்னதாக வரும் முதல் வாக்கியம். அடுத்த வாக்கியம், மதுபோதையில் வாகனம் செலுத்திய சந்தேகத்தில் லொறிச் சாரதி கைதானதைச் சொல்கிறது. மூன்றாவது, குறைந்தது மேலும் 2 வாகனங்கள் சேதமடைந்ததைச் சொல்கிறது.

இயந்திரம் முதல் வாக்கியத்தை இப்படித் தருகிறது: “வெள்ளவத்தையில் செவ்வாய் இரவு ஒரு லாரியுடன் மோதியபோது ஒரு முச்சக்கர வண்டி ஓட்டுநர் கொல்லப்பட்டார் மற்றும் அவரது சகோதரர் காயமடைந்தார் என்று போலீசார் கூறினர்.” லாரியை லொறியாகவும் ஓட்டுநரைச் சாரதியாகவும் போலீசாரைப் பொலிஸாராகவும் மாற்றுவதும், ‘மற்றும்’ என்பதையும் வேண்டாத ‘ஒரு’க்களையும் எடுப்பதும் உங்கள் கடமை, அதில் தயங்க வேண்டாம். ‘கொல்லப்பட்டார்’ என்பதைக் கட்டாயம் மாற்ற வேண்டும். ஆங்கிலத்தில் ‘கில்ட்’ என்ற சொல் விபத்துக்கும் பொருந்தும். தமிழில் ‘கொல்லப்பட்டார்’ என்றதும் கொன்றவர் ஒருவர் வாசகரின் மனதில் எழுந்து நிற்கிறார். சொல்லுக்குச் சொல் விட்டுவைத்தாலும் மூலத்தில் இல்லாதது நுழையும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

இனி, ‘நன்றாக எழுதிய’ பிரதி பெரும்பாலும் எப்படி அமைகிறது என்று பாருங்கள். “வெள்ளவத்தையில் வேகமாக வந்த லொறி மோதியதில் முச்சக்கரவண்டிச் சாரதி ஸ்தலத்திலேயே பரிதாபமாக உயிரிழந்ததுடன், அவரது தம்பி படுகாயமடைந்து வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டுள்ளார். மதுபோதையில் லொறியைச் செலுத்திய சாரதி கைது செய்யப்பட்டுள்ளார். மேலதிக விசாரணைகளை வெள்ளவத்தைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர்.” தமிழ் ஓடுகிறது. ஆனால் வேகம், ஸ்தலம், பரிதாபம், தம்பி, படுகாயம், வைத்தியசாலை, கடைசி வாக்கியம் முழுவதும் திருத்தியவர் தந்தவை. செவ்வாய்க்கிழமை இரவும், பொலிஸார் சொன்னது என்பதும், சேதமடைந்த வாகனங்களும் காணாமற் போய்விட்டன. மேலதிக விசாரணை நடந்துகொண்டிருக்கலாம். ஆனால் மூலம் அதைச் சொல்லவில்லை. எந்தப் பொலிஸ் நிலையம் என்பதும் அதில் இல்லை.

தம்பியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் நானே அதில் தவறியிருக்கிறேன். ஆங்கிலச் சொல் மூத்தவரா இளையவரா என்று சொல்லாது. நம் பேச்சில் அண்ணனோ தம்பியோதான் உண்டு. ‘சகோதரர்’ விறைப்பாக இருக்கிறதென்று தொடக்க நாட்களில் ஒரு மரணச் செய்தியில் நான் ‘தம்பி’ என்று எழுதினேன். மறுநாள் அந்தக் குடும்பத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “அவர் அண்ணன், பிள்ளை” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். மூலம் வயதைத் தராதவரை அந்த விறைப்பான சொல்லே சரியானது. ‘அங்கிள்’ என்று வந்தால் பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமாவா என்று செய்தி மேசையில் கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால் ‘உறவினர்’ என்று குறைத்துச் சொல்லலாம், கூட்டிச் சொல்லக்கூடாது. ஆணா பெண்ணா என்று மூலம் சொல்லாத சந்தேகநபருக்கு ‘கைது செய்யப்பட்டார்’ என்ற மரியாதைப் பன்மை உங்களுக்குக் கைகொடுக்கும்.

இவற்றைவிட ஆபத்தானது பெயரெச்சம். ‘மதுபோதையில் லொறியைச் செலுத்திய சாரதி’ என்று எழுதியதும், நீதிமன்றம் இன்னும் தீர்மானிக்காத ஒன்று நடந்து முடிந்த உண்மையாகிவிடுகிறது. சந்தேகத்தைத் தனிச் சொல்லாகக் கண்ணில் படும்படி வையுங்கள்: ‘செலுத்தினார் என்ற சந்தேகத்தின் பேரில்’ அல்லது ‘செலுத்தியதாகச் சந்தேகிக்கப்படும்’. ‘லொறி மோதியதில்’ என்பதும் இப்படித்தான். யார் மீது பிழை என்று மூலம் சொல்லாதபோது ‘மோதிக்கொண்டதில்’ என்பது இருவரையும் சமமாக வைக்கும்.

வாக்கியங்களை இணைக்கும்போதும் கவனம் வேண்டும். முதல் வாக்கியம் மட்டுமே பொலிஸார் சொன்னதாக மூலத்தில் இருக்கிறது. நீங்கள் ‘என்றும், என்றும்’ என்று மூன்றையும் கோத்துப் ‘பொலிஸார் தெரிவித்தனர்’ என்று முடித்தால், செய்தியாளர் தம் பொறுப்பில் எழுதியதையும் பொலிஸாரின் வாயில் வைத்தவராவீர்கள். அதேபோல, மழைக்குப் பின்னர் டெங்கு நோயாளர்கள் அதிகரித்தனர் என்ற செய்தியை ‘மழையால்’ என்று சுருக்கினால், காலத்தைக் காரணமாக மாற்றிவிட்டீர்கள்.

நம் நாட்டு வழக்குச் சொற்களை இடும்போதும் இந்த எச்சரிக்கை தேவை. பொலிஸ் பிடித்து வைத்திருப்பதையும் நீதவான் உத்தரவிட்ட தடுப்பையும் இயந்திரம் பல வேளைகளில் ‘காவல்’ என்றே எழுதுகிறது. அதையெல்லாம் பழக்கத்தில் ‘விளக்கமறியல்’ ஆக்கினால், இல்லாத நீதிமன்ற உத்தரவொன்றை உருவாக்கிவிடுகிறோம். கிழமைக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் திகதியிடும் நம் பத்திரிகை வழக்கமும், மூலத்தின் தலைப்பில் திகதி இருந்தால் மட்டுமே பாதுகாப்பானது.

வேலை செய்யும் முறையாக ஒன்று சொல்கிறேன். முதலில் ஆங்கிலத்தை வாசியுங்கள், இயந்திரத்தின் தமிழை அல்ல. பிழையான தமிழை முதலில் வாசித்தால் அதன் ஊகங்களும் உங்களுடையவையாகிவிடும். திருத்தி முடித்ததும் இயந்திரப் பிரதியை மூடிவிட்டு, உங்கள் தமிழில் உள்ள ஒவ்வொரு அடைமொழி, இடம், நேரம், உறவுப்பெயர், ‘ஆல்’, ‘இதனால்’ ஆகியவற்றின் மீது விரலை வைத்து, ஆங்கிலத்தில் அதற்குரிய சொல்லைக் காட்டுங்கள். காட்ட முடியாததை எடுத்துவிடுங்கள். பிறகு எதிர்த்திசையில் வாருங்கள்: ‘குறைந்தது’, ‘கிட்டத்தட்ட’, ‘கூறப்படுகிறது’ போன்றவை ஆங்கிலத்தில் இருந்து தமிழில் விழுந்துவிட்டனவா என்று பாருங்கள். மூலமே பிழை என்று தோன்றினால் நீங்களாகத் திருத்தாமல் மேசைக்குக் குறிப்பெழுதுங்கள்.

நம் செய்தி இப்போது இப்படி நிற்கும்: “வெள்ளவத்தையில் செவ்வாய்க்கிழமை இரவு முச்சக்கரவண்டியொன்றும் லொறியொன்றும் மோதிக்கொண்டதில் முச்சக்கரவண்டியின் சாரதி உயிரிழந்ததுடன், அதிலிருந்த அவருடைய சகோதரர் காயமடைந்ததாகப் பொலிஸார் தெரிவித்தனர். மதுபோதையில் வாகனம் செலுத்தினார் என்ற சந்தேகத்தின் பேரில் லொறிச் சாரதி கைது செய்யப்பட்டார். குறைந்தது மேலும் 2 வாகனங்கள் சேதமடைந்தன.” முடிவு சப்பென்று இருக்கிறதே என்று உங்கள் கை துறுதுறுக்கும். மூலமும் அங்கேதான் முடிகிறது.